வட்டி ஆடினாலும் ஆடாத ஒரு கோடி

1930-களில் நியூயார்க்கில் ஃபிரெடரிக் மெக்காலே என்ற பொருளியலாளர் அமெரிக்க இரயில் கம்பனிகளின் பழைய கடன் முறிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். 1856-இலிருந்து முறிகளின் வட்டிவீதம் எப்படி ஏறி இறங்கியது என்று எழுதுவதுதான் அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்த வேலை. அந்தக் காலத்து முறி உண்மையிலேயே காகிதம். அதன் ஓரத்தில் வரிசையாகச் சிறு சீட்டுகள் அச்சடிக்கப்பட்டிருக்கும். தவணை வந்ததும் முறிக்காரர் கத்தரிக்கோலால் ஒரு சீட்டை வெட்டி எடுத்துப்போய் வட்டியை வாங்கிக்கொள்வார். அந்தச் சீட்டுகள்தான் மெக்காலேயின் கணக்கைக் குழப்பின.

இரண்டு இரயில் முறிகளுக்கும் 20 ஆண்டுத் தவணை என்றால் இரண்டும் ஒரே நீளம் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஒன்று 3% வட்டி தருகிறது, மற்றது 7% தருகிறது. 7% முறியில் பணத்தின் பெரும்பங்கு சீட்டுச் சீட்டாக முன்னதாகவே கைக்கு வந்துவிடுகிறது. அப்படியானால் அது உண்மையில் 20 ஆண்டுக் கடனே அல்ல. பின் எத்தனை ஆண்டுக் கடன்? ஒவ்வொரு தவணைப் பணத்துக்கும் இன்று என்ன பெறுமதி என்று மெக்காலே கணித்தார். அந்தப் பெறுமதிகளை ஒரு நீண்ட பலகையில் அந்தந்த ஆண்டுக்குரிய இடத்தில் எடைக்கற்களாக வைத்தால் பலகை எந்தப் புள்ளியில் சமநிலையில் நிற்குமோ, அந்தப் புள்ளியே முறியின் மெய்யான நீளம் என்றார். 10% வட்டி தரும் 10 ஆண்டு முறி ஒன்று, சந்தை வட்டியும் 10% ஆக இருக்கும்போது, 6.76-ஆம் ஆண்டில் சமநிலைக்கு வருகிறது. 1938-இல் வெளிவந்த அவருடைய தடித்த நூலில் இந்தச் ‘சராசரிக் காலம்’ ஒரு துணைக் கருவியாக மட்டுமே இடம்பெற்றது. அது வேறொரு பூட்டுக்கும் சாவி என்பது அவருடைய காலத்தில் அநேகமாக யார் கண்ணிலும் படவில்லை.

ஒருவர் அந்தப் பூட்டின் பக்கத்திலேயே போய் நின்றார். 1940-களின் தொடக்கத்தில், உலகப்போர்க் காலத்தில், டச்சுக்காரரான ட்யாலிங் கூப்மான்ஸ் ஃபிலடெல்ஃபியாவில் பென் மியூச்சுவல் என்ற ஆயுள் காப்புறுதிக் கம்பனியில் வேலை பார்த்தார். முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்துக் கொடுப்பதாக வாக்களித்த பணத்தை, இடையில் வட்டி விழுந்துவிட்டால் கம்பனி எங்கிருந்து கொடுக்கும் என்பதே அவருடைய கேள்வி. 1942-இல் எழுதிய அறிக்கை கம்பனிக்குள்ளேயே தங்கிவிட்டது. 1975-இல் கூப்மான்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது, ஆனால் வேறொரு பணிக்காக. அந்த அறிக்கையின் கேள்வி அதற்கு வெகு முன்பே அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் இன்னொருவரைப் பிடித்திருந்தது.

இலண்டனில் புருடென்ஷியல் காப்புறுதிக் கம்பனியின் ஆக்சுவரி ஃபிராங்க் ரெடிங்டன். 1932-இலிருந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இங்கிலாந்து வங்கியின் வட்டிவீதம் 2%-இலேயே படுத்துக் கிடந்தது. போர் தொடங்கிய வேளையில் சில வாரங்கள் மட்டுமே அது தலை தூக்கியது. 1946-இல் நிதியமைச்சர் ஹியூ டால்டன் வெறும் 2½% வட்டிக்கு, திருப்பித் தரும் தேதி அரசின் விருப்பத்துக்கு விடப்பட்ட முறிகளை விற்றார். காப்புறுதிக் கம்பனிகளின் பெட்டிகளில் இப்படி மலிந்த வட்டி முறிகள் நிறைந்திருந்த நேரத்தில், 1951 நவம்பரில் வட்டி 2½% ஆனது. 1952 மார்ச்சில் ஒரே தாவலில் 4% ஆனது. முறிகளின் விலை சரிந்தது. சொத்தின் விலை சரிந்தால் கம்பனி திவாலா என்ற கேள்வி எழுந்த அதே 1952-இல் ரெடிங்டன் தம் கட்டுரையை வெளியிட்டார்.

அவர் பார்வையைச் சற்றுத் திருப்பினார். வட்டி ஏறும்போது சொத்தின் விலை மட்டுமா விழுகிறது? நாளை கொடுக்கவேண்டிய பணத்தின் இன்றைய பெறுமதியும் விழுகிறது. இரண்டும் ஒரே அளவு விழுந்தால் கம்பனிக்கு நட்டமே இல்லை. இரண்டையும் ஒரே அளவு விழவைக்க வழி உண்டா? உண்டு என்று காட்டினார். சொத்தின் சராசரிக் காலமும் கடப்பாட்டின் சராசரிக் காலமும் ஒன்றாக இருக்கவேண்டும். கூடவே, சொத்திலிருந்து வரும் பணம் கடப்பாட்டைவிட அகலமாக, அந்தச் சமநிலைப் புள்ளியின் இரு பக்கமும் பரவியிருக்கவேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு அவர் இட்ட பெயர் இம்யூனைசேஷன், அதாவது தடுப்புக் காப்பு. மெக்காலேயின் எடைக்கற்கள் இங்கே வேறு பெயரில், வேறு வழியில் வந்து சேர்ந்திருந்தன. கணக்கைப் போட்டுப் பார்த்தவர்களுக்கோ அதைவிடப் பெரிய வியப்பு காத்திருந்தது.

அந்த வியப்பைக் காண இலண்டன் தேவையில்லை. மன்னார் கரையில் விடத்தல்தீவில் ஒரு மீனவர் கூட்டுறவுச் சங்கம், ஐந்து ஆண்டுகள் கழித்து ஐஸ் தொழிற்சாலைக்கு 1 கோடி ரூபாய் கொடுக்க ஒப்புக்கொண்டிருப்பதாகக் கற்பனை செய்யலாம். எல்லாத் தவணைக்கும் வட்டி 10% என்றால், இன்று 62,09,213 ரூபாய் இருந்தால் போதும். ஐந்தாம் ஆண்டில் ஒரே தொகையாகப் பணம் தரும், நடுவில் வட்டிச் சீட்டே இல்லாத முறி கிடைத்தால் கதை அத்தோடு முடிந்தது. இலங்கையில் அந்த வசதி இல்லை. திறைசேரி உண்டியல் 364 நாளோடு நின்றுவிடும். அதற்கு மேலே இருப்பவை வட்டி கொடுத்துக்கொண்டே போகும் திறைசேரி முறிகள். ஆகவே சங்கம் இரண்டையும் கலக்கவேண்டும்.

கையில் ஓராண்டு உண்டியல் இருக்கிறது, அதன் சராசரிக் காலம் 1. பத்தாண்டு முறியும் இருக்கிறது, அதன் சராசரிக் காலம் 6.76. (திறைசேரி ஆண்டுக்கு இருமுறை வட்டி கொடுக்கும். கணக்கு எளிதாக இருக்க இங்கே ஒருமுறை என்று எடுத்திருக்கிறேன்.) கலவையின் சராசரி 5 ஆகவேண்டுமானால் முறியில் 69.46%, அதாவது 43,12,683 ரூபாய். மீதி 18,96,530 ரூபாய் உண்டியலில். சங்கத்தின் பொருளாளர் கணக்கை மூடிய மறுநாளே எல்லா வட்டியும் 12%-க்குத் தாவுகிறது. முறி விலை நூற்றுக்கு 88.70 ஆகிறது. சொத்து மொத்தம் 56,87,993 ரூபாயாகச் சுருங்குகிறது. ஐந்து லட்சத்துக்கு மேல் போய்விட்டது. ஆனால் 1 கோடிக் கடப்பாட்டின் இன்றைய பெறுமதி 56,74,269 ரூபாய்தான். 13,724 ரூபாய் மிச்சம்.

வட்டி 12%-க்கு ஏறாமல் 8%-க்கு இறங்கியிருந்தால்? முறி நூற்றுக்கு 113.42 ஆகிறது. சொத்து 68,23,103, கடப்பாடு 68,05,832. இப்போதும் 17,271 ரூபாய் மிச்சம். ஏறினாலும் மிச்சம், இறங்கினாலும் மிச்சம். இதே பணம் முழுவதும் பத்தாண்டு முறியில் கிடந்திருந்தால் 12%-இல் 1,66,725 ரூபாய் குறைந்திருக்கும். முழுவதும் உண்டியலில் கிடந்திருந்தால் 8%-இல் 4,81,634 ரூபாய் குறைந்திருக்கும். பாதுகாப்பு என்று எல்லோரும் நினைக்கும் குறுகிய உண்டியல்தான் பெரிய பள்ளமாகிறது. அடுத்த ஆண்டு அதே பணத்தைக் குறைந்த வட்டிக்கு மறுபடி போட வேண்டியிருப்பதே காரணம். எந்தப் பக்கம் போனாலும் இலாபம் தரும் ஏற்பாடு இவ்வளவு மலிவாகக் கிடைக்குமா என்ற சந்தேகம் எழவேண்டிய இடம் இது.

சந்தேகம் சரிதான். அந்த மிச்சம், எல்லாத் தவணை வட்டியும் ஒரே அளவு நகரும் என்ற நிபந்தனையில் பிறந்தது. நீண்ட வட்டி மட்டும் 12% ஆகி, ஓராண்டு வட்டியும் ஐந்தாண்டு வட்டியும் 10%-இலேயே நின்றால், முறி விலை விழும், கடப்பாடு அசையாது. சங்கத்துக்கு 4,87,353 ரூபாய் பள்ளம். அகலமாகப் பரப்பியதால் கிடைத்த நன்மையே இங்கே எதிரியாகிறது. ஐந்தாண்டை ஒட்டிய முறிகளாக, நெருக்கமாக வாங்கியிருந்தால் பள்ளம் சிறிதாகியிருக்கும், மிச்சமும் சிறிதாகியிருக்கும். நான் பொருளாளராக இருந்தால் அந்தச் சிறிய மிச்சத்தையே தேர்ந்தெடுப்பேன்.

காலமும் சும்மா இருப்பதில்லை. ஓராண்டு கழிந்தால் கடப்பாடு சரியாக ஓராண்டு கிட்ட வருகிறது. முறியின் சராசரிக் காலமோ 6.76-இலிருந்து 6.33-க்குத்தான் இறங்குகிறது. வட்டி அசையாமல் இருந்தால்கூடச் சங்கம் முறியில் சுமார் 4,72,000 ரூபாயை விற்று, முதிர்ந்த உண்டியல் பணத்தோடும் வந்த வட்டியோடும் சேர்த்துப் புது உண்டியலில் போட்டால்தான் சமன் திரும்பும். ஒருமுறை கட்டிவைத்துவிட்டு மறந்தால் காப்பு ஓசையின்றி நழுவிவிடும். நழுவியதை அறிய வழி ஒன்றுதான்: இரு பக்கச் சராசரிக் காலத்தையும் மீண்டும் கணித்து, வட்டியைச் சற்றே மேலும் கீழும் அசைத்துப் பார்க்கவேண்டும்.

1971-இல் சிக்காகோவில் லாரன்ஸ் ஃபிஷரும் ரோமன் வைலும் பழைய அமெரிக்கத் தரவுகளில் இந்த முறையை ஓட்டிப் பார்த்தார்கள். தவணைத் தேதியைப் பொருத்துவதைவிடச் சராசரிக் காலத்தைப் பொருத்துவது வாக்களித்த தொகைக்கு நெருக்கமாகக் கொண்டு சேர்ப்பதைக் கண்டார்கள். மெக்காலேயின் எடைக்கல் இப்படி மறுபிறவி எடுத்தது. இலங்கையில் 2016 ஜனவரி முதல், காப்புறுதிக் கம்பனிகள் வட்டியை மேலும் கீழும் அசைத்துத் தம் சொத்தையும் கடப்பாட்டையும் பக்கம்பக்கமாகக் காட்டவேண்டும் என்ற மூலதன விதி வந்தது. ஒரு கிராமத்து வீட்டுப் பெட்டிக்குள் இருக்கும் ஆயுள் காப்புறுதிப் பத்திரத்தின் பின்னாலும் ரெடிங்டனின் கணக்கு நிற்கிறது. அது எவ்வளவு தாங்கும் என்ற சோதனை ஆறே ஆண்டில் வந்தது.

2022 ஏப்ரல் 8-ஆம் தேதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. முந்திய ஆண்டின் இறுதியில் 8% அளவில் இருந்த 91 நாள் உண்டியலின் வட்டி 2022 இறுதிக்குள் 30%-ஐத் தாண்டியது. 364 நாள் உண்டியலின் வட்டி அதற்குக் கீழே நின்றது. எல்லாத் தவணையும் ஒரே அளவு நகரும் என்ற நிபந்தனை அந்த ஆண்டில் இலங்கையில் செல்லவில்லை. ஆனாலும் வட்டியைவிடப் பெரிய அடி இன்னொரு திசையிலிருந்து வந்தது.

2023 ஜூலை 1-ஆம் தேதி நாடாளுமன்றம் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பை ஏற்றது. வங்கிகளின் முறிகள் தப்பின. ஊழியர் சேமலாப நிதி போன்ற ஓய்வூதிய நிதிகள் கையிலிருந்த முறிகளைக் கொடுத்துப் புதியவற்றைப் பெறவேண்டியிருந்தது, மறுத்திருந்தால் 14% வரி 30% ஆகியிருக்கும். புதிய முறிகளின் தவணை 2038 வரை நீண்டது. முதலில் 12% வட்டி, பிறகு 9%. மெக்காலேயும் ரெடிங்டனும் வட்டி மாறுவதைக் கணக்கில் கொண்டார்கள். முறியை எழுதிக்கொடுத்தவரே தேதியையும் வட்டியையும் மாற்றி எழுதும்போது சொத்தின் சராசரிக் காலம் பலகையோடு நகர்ந்துவிடுகிறது. ஆண் 55-இலும் பெண் 50-இலும் சேமலாபப் பணத்தை எடுக்கலாம் என்ற தேதியோ நகரவில்லை.