ஒர்க்மேனேஜர்

ஒர்க்மேனேஜர் என்பது, ஆண்ட்ராய்டு செயலிகள் திரையில் இல்லாத வேளையிலும் தரவு ஒத்திசைவு போன்ற, சற்றே ஒத்திவைக்கத்தக்க பணிகளை நிறைவேற்றும் பொருட்டு, கூகுள் நிறுவனம் 2018-இல் ஜெட்பேக் தொகுப்பில் அறிமுகப்படுத்திய மென்பொருள் நூலகமாகும். பணிகள் ஒருமுறைப் பணி, காலமுறைப் பணி என இருவகைப்படும். பின்னதன் குறைந்தபட்ச இடைவெளி 15 நிமிடம். பணி விவரம் தரவுத்தளத்தில் பதிவாவதால், கைப்பேசியை அணைத்து மீண்டும் இயக்கினாலும் அது அழிவதில்லை.

எனினும், சில கைப்பேசிகளில், அண்மைச் செயலிகளின் பட்டியலிலிருந்து ஒரு செயலியைத் தள்ளிவிடுவதே கட்டாய நிறுத்தமாகக் கொள்ளப்படுவதால், இயங்குதளம் அதன் பணிகளை ரத்து செய்துவிடுகிறது. பயனர் செயலியை மீண்டும் திறந்த பின்னரே நூலகம் அந்நிறுத்தத்தைக் கண்டறிந்து பணிகளை மறுபடியும் பதிவுசெய்யும். `adb shell dumpsys package` கட்டளையின் வெளியீட்டில் அச்செயலிக்கு `stopped=true` என்றிருப்பது கட்டாய நிறுத்த நிலையின் அடையாளம்.

ஆதலின், மணிக்கொருமுறை ஒத்திசைக்கும் குறிப்பேட்டுச் செயலியொன்று, ஒவ்வொரு திறப்பிலும் காலக்கணக்கு புதிதாகத் தொடங்காதிருக்கும்படி காலமுறைப் பணியை ஒரே பெயரில் `KEEP` விதியுடன் பதிவுசெய்வதோடு, கடைசியாக வெற்றிபெற்ற ஒத்திசைவின் நேரத்தையும் சேமித்து வைத்து, திறக்கப்படுகையில் ஒரு மணி நேரம் கடந்திருப்பின் ஒருமுறைப் பணியை உடனே தொடங்குதல் வேண்டும். பேட்டரிக் கட்டுப்பாட்டினின்று விலக்களிக்குமாறு பயனரைக் கோருதலும் உதவும். ஆயினும், குறித்த நிமிடத்தில் பணி நடைபெறும் என்னும் உத்தரவாதம் இந்நூலகத்திற்கு இல்லை.