புதிய யூடியூப் ஒளிவழி: எத்தனை நாளுக்கு ஒரு காணொளி? எப்போது போடலாம்?

ஒளிவழி தொடங்கியாச்சு. முதல் வாரம் மூன்று காணொளி. அடுத்த வாரம் ஒன்று. அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை.

உங்களுக்கும் இப்படி ஆகியிருக்கிறதா? ஆர்வம் குறைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் நேரக் கணக்கில்தான் தவறு இருக்கும்.

முதலில் மணிக்கணக்கைப் பாருங்கள்

"வாரத்துக்கு எத்தனை போடணும்?" என்று கேட்பதற்கு முன்பு, "ஒரு காணொளிக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது?" என்று கேளுங்கள்.

வேலை நேரம் மாறிமாறி வரும் தாதி ஒருவர் சமையல் ஒளிவழி தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாரத்தில் அவரால் ஒதுக்க முடிந்தது 6 மணி நேரம்.

ஒரு காணொளிக்கு அவருக்கு ஆகும் நேரம்:

- திட்டமிட, பொருள் வாங்க: 1 மணி நேரம்
- சமைத்துப் படம்பிடிக்க: 3 மணி நேரம்
- வெட்டித் தொகுக்க: 4 மணி நேரம்
- குரல் பதிவுசெய்ய: 1 மணி நேரம்
- முகப்புப் படம், தலைப்பு: 1 மணி நேரம்

மொத்தம் 10 மணி நேரம். வாரம் ஒன்று என்று அறிவித்தால், ஒவ்வொரு வாரமும் 4 மணி நேரம் இடிக்கும். மூன்றே வாரத்தில் 12 மணி நேரக் கடன்! அதைத் தூக்கத்தில்தான் கழிக்க வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு ஒன்று என்றால் கையில் 12 மணி நேரம் இருக்கும். வேலை போக மீதம் 2 மணி நேரம். பார்வையாளர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுத அது போதும். ஆகவே அவருக்குச் சரிப்பட்டு வருவது மாதத்துக்கு இரண்டு.

இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்

முதல் காணொளி தயாரானதும் உடனே போட்டுவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். இன்னும் இரண்டு தயாராகட்டும்.

அந்த இரண்டுக்கு 20 மணி நேரம், அதாவது மூன்று வாரத்துக்குச் சற்று மேல் தேவை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலோ, கூடுதல் வேலை நேரம் விழுந்தாலோ, அந்த இருப்புதான் கைகொடுக்கும்.

இருப்பு ஒன்றாகக் குறைந்தால் அது எச்சரிக்கை. அடிக்கடி காலியானால், இடைவெளியை மூன்று வாரமாக்குங்கள். எப்போதும் இரண்டுக்கு மேல் இருந்தால் மட்டுமே வேகத்தைக் கூட்டுங்கள்.

ஒரு வாரம் தவறினால்?

விட்டதைப் பிடிக்க ஒரே நாளில் இரண்டு போட வேண்டாம். அடுத்த முறைக்கான இருப்புதான் கரையும். இடைவெளி விட்டதற்காக ஒளிவழி தண்டிக்கப்படுவதில்லை என்று யூடியூப் படைப்பாளர்களுக்கு விளக்கம் அளித்திருக்கிறது. அடுத்த முறை வழக்கமான நாளில் போடுங்கள், போதும்.

எந்த நேரம் நல்லது?

YouTube Studio-வில் "Audience" பகுதிக்குப் போனால், உங்கள் பார்வையாளர்கள் எப்போது யூடியூபில் இருக்கிறார்கள் என்று காட்டும். ஆனால் புதிய ஒளிவழிக்கு அங்கே போதிய தகவல் இருக்காது. தொடக்கத்தில் நீங்களேதான் ஊகிக்க வேண்டும்.

யார் பார்க்கப்போகிறார்கள் என்று யோசியுங்கள். சிங்கப்பூரில் இரவு 8 மணி என்றால் மலேசியாவிலும் அதே நேரம்தான். சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் மாலை 5.30. வார இறுதியில் என்ன சமைக்கலாம் என்று மக்கள் யோசிக்கும் வெள்ளிக்கிழமை இரவு நம் தாதிக்குப் பொருத்தம்.

அன்று இரவு அவருக்கு வேலை இருந்தால்? "Schedule" வசதியில் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே குறித்துவிடலாம். அதுவரை காணொளி யார் கண்ணிலும் படாது.

சில மணி நேரம் முன்னதாகவே ஏற்றிவிடுவது நல்லது. யூடியூப் முதலில் குறைந்த தரத்தைத்தான் தயார்செய்யும். உயர்தரம் வர நேரமாகும். ஏற்றியவுடன் வெளியிட்டால் முதலில் பார்ப்பவர்களுக்குப் படம் மங்கலாகத் தெரியக்கூடும்.

மணியைவிட நாள் முக்கியமாகும் தருணம்

வெளியிடும் நேரம் காணொளியின் நீண்டகாலப் பார்வைகளை நேரடியாகப் பாதிப்பதாகத் தெரியவில்லை என்கிறது யூடியூப். தேங்காய்ச் சட்னி செய்முறையை ஒருவர் ஆறு மாதம் கழித்தும் தேடி வரலாம். 7 மணியா 8 மணியா என்று மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தீபாவளி முறுக்கு வேறு கதை. பண்டிகைக்கு முதல் நாள் போட்டால், வீட்டில் மாவு பிசைந்து முடிந்திருக்கும். மூன்று வாரம் முன்பே போட்டால்தான் தேடுபவர்களுக்கு உதவும். அப்படியென்றால் அதைப் படம்பிடிப்பது அதற்கும் இரண்டு, மூன்று வாரம் முன்னதாக.

எப்போது மாற்றலாம்?

ஆறு காணொளி வரை, அதாவது சுமார் மூன்று மாதம், அதே நாளில் அதே நேரத்தில் போட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் உண்மையில் எத்தனை மணி நேரம் ஆனது என்று குறித்து வையுங்கள்.

பத்து மணி நேர வேலை கைப்பழக்கத்தில் ஏழாகக் குறைந்திருக்கலாம். பதின்மூன்றாகக் கூடியும் இருக்கலாம். அடுத்த மூன்று மாதத்துக்கான அட்டவணையை அந்தக் குறிப்பை வைத்துப் போடுங்கள்.