ஹர்டில் ரேட்

ஒரு திட்டத்தில் பணம் போடலாமா என்று முடிவெடுக்க, அது குறைந்தபட்சம் ஈட்டியாக வேண்டிய வருவாய் வீதமே ஹர்டில் ரேட். தமிழில் 'தடை வீதம்' எனலாம்.

'ஹர்டில்' பழைய ஆங்கிலச் சொல். சுள்ளிகளைப் பின்னிச் செய்த படலை முதலில் குறித்தது. ஆடுகளை அடைக்க அதை நட்டார்கள். பிறகு ஓட்டப்பந்தயத்தில் தாண்டும் தடைக்கும், அங்கிருந்து நிதித்துறைக்கும் அச்சொல் வந்தது.

தடையின் உயரத்தை முடிவுசெய்வது மூலதனச் செலவு. ஒரு நூற்பாலை 1 கோடி ரூபாயில் புது இயந்திரம் வாங்குவதாகக் கொள்வோம். 40 லட்சம் வங்கிக் கடன், வட்டி 10%. வட்டிக்கு வரிச்சலுகை உண்டு. வரி 25% என்றால் கடனின் நிகரச் செலவு 7.5%, அதாவது 3 லட்சம். மீதி 60 லட்சம் பங்குதாரர் பணம். இதே அளவு இடருள்ள வேறு தொழிலில் அவர்களுக்கு 16% கிடைக்கும் என்றால், இங்கும் 9.6 லட்சம் வேண்டும். கூட்டினால் 12.6 லட்சம், மூலதனச் செலவு 12.6%.

இயந்திரம் வரி போக, வட்டிக்கு முன், ஆண்டுக்கு 11% ஈட்டினால்? கடன் வட்டி 10% தானே, லாபம்தான் என்று தோன்றும். வழக்கமாக நேரும் பிழை இதுதான். 11 லட்சத்தில் கடனுக்கு 3 லட்சம் போனால் பங்குதாரருக்கு 8 லட்சமே மிஞ்சும், 1.6 லட்சம் குறைகிறது. கணக்கேடு லாபம் காட்டினாலும் திட்டம் தடையைத் தாண்டவில்லை.

மூலதனச் செலவும் தடை வீதமும் எப்போதும் ஒன்றல்ல. பழகாத சந்தையில் இறங்கும் திட்டத்துக்கு இடருக்கேற்பத் தடையை உயர்த்த வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே வீதம் வைத்தால், ஆபத்தான திட்டங்கள் எளிதில் தேறிவிடும். பாதுகாப்பானவை வீணே கழிந்துபோகும்.