போட்டுக்கொடுத்தான், போட்டுக் கொடுத்தான்

சென்ற ஆண்டு ஒரே சமயத்தில் இரண்டு புத்தகங்களுக்குப் புரூஃப் பார்த்தேன். ஒன்று ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ரயில்வே வரலாறு, 400 பக்கத்துக்கு மேல். இன்னொன்று ஒரு நாடக நடிகரின் வாழ்க்கைக் கதை, தமிழில், ஏறக்குறைய அதே பருமன். இரண்டுக்கும் தனித்தனியே ஸ்டைல் ஷீட் போட்டேன். முதல் வாரத்தில் இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. மூன்றாவது வாரத்தில் ஒன்று அகராதி போலவும் மற்றது இலக்கணக் குறிப்பேடு போலவும் ஆகிவிட்டன.

ஆங்கிலத் தாளின் அமைப்பு எளிது. ஒரு தாளில் ஏ முதல் டி வரை ஒரு கட்டம், ஈ முதல் எச் வரை அடுத்தது. சொல்லை எழுதி, அது பெயர்ச்சொல்லா பெயரடையா என்று குறித்து, முதலில் வந்த பக்கத்தின் எண்ணைப் போடுவேன். பெரும்பாலானவற்றை அகராதியே முடிவு செய்துவிடும். அது கைவிடும் இடமும், ஆசிரியர் அதிலிருந்து விலகும் இடமும்தான் தாளில் ஏறும்.

ஹைஃபனில்தான் அதிகம் ஏறும். 'நைன்டீன்த் செஞ்சுரி' தனியாக வந்தால் ஹைஃபன் கிடையாது. 'நாவல்' என்ற சொல்லுக்கு முன்னால் அடைமொழியாக நின்றால் உண்டு. சொல்லின் வகையைக் குறிப்பது இதற்காகத்தான். அகராதியே மாறுவதும் உண்டு. 2007-இல் வெளிவந்த ஷார்ட்டர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆறாம் பதிப்பு ஏறக்குறைய 16,000 சொற்களிலிருந்து ஹைஃபனை எடுத்துவிட்டது. 'ஐஸ்கிரீம்' இரண்டு சொல்லாகப் பிரிந்தது, 'பம்பிள்பீ' ஒரே சொல்லாக ஒட்டிக்கொண்டது. எந்த அகராதி, எந்தப் பதிப்பு என்பதைத் தாளின் தலையிலேயே எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு அப்படித்தான் வந்தது.

பக்க எண்ணின் பயன் பிறகுதான் தெரியும். 40-ஆம் பக்கத்தில் எடுத்த முடிவை 212-இல் மாற்ற நேர்ந்தால், எங்கெங்கே திரும்பிப் போக வேண்டும் என்பதை அதுதான் சொல்லும்.

தமிழ்த் தாளையும் அகர வரிசைக் கட்டங்களில்தான் தொடங்கினேன். 'கோயில்' சரியாக உட்கார்ந்தது. 'கறுப்பு' வல்லின றகரத்தோடு என்று எழுதினேன், அதுவும் நின்றது. பிறகு வந்தது 'போட்டுக் கொடுத்தான்'. 31-ஆம் பக்கத்தில் ஒருவன் காப்பி போட்டுக் கொடுக்கிறான். 58-ஆம் பக்கத்தில் இன்னொருவன் முதலாளியிடம் தன் கூட்டாளியைப் போட்டுக்கொடுக்கிறான். எழுத்துகள் அதே, ஒற்றும் அதே. இடைவெளிதான் பொருளைப் பிரிக்கிறது. ஆங்கிலத்தில் ஹைஃபன் செய்யும் வேலையைத் தமிழில் இடைவெளி செய்கிறது. ஆனால் இதை ஒரு சொல்லாகப் பதிவு செய்து பயனில்லை. 'வந்துகொண்டிருந்தான்', 'எடுத்துக்கொண்டான்', 'சொல்லிவிட்டான்' என்று நூற்றுக்கணக்கில் வரிசையில் நிற்கின்றன. ஆகவே கட்டத்தை அடித்துவிட்டு விதியாக எழுதினேன்: கொள், விடு, கொடு ஆகியவை துணைவினையாக வந்தால் சேர்த்து, தம் சொந்தப் பொருளில் வந்தால் பிரித்து. விதிக்குக் கீழே இந்த இரண்டு பக்கங்களையும் உதாரணமாக வைத்தேன். உதாரணம் இல்லாத விதி பத்து நாள் கழித்து எனக்கே புரியாது.

எழுத்துக்கூட்டலில் இரண்டு தாளும் ஒரே குழியில் விழுந்தன. ஆங்கிலப் புத்தகத்தில் 'ஆர்கனைஸ்' போன்றவற்றுக்கு ஆக்ஸ்ஃபோர்டு வழக்கப்படி இஸட். அச்சுக்கோப்பவர் எஸ்ஸை மொத்தமாக மாற்றப்போய், எப்போதும் எஸ்ஸுடனேயே எழுத வேண்டிய 'எக்ஸர்சைஸ்', 'அட்வர்டைஸ்' இரண்டுக்கும் இஸட் வந்துவிட்டது. தமிழில் அதே தவற்றை நானே செய்தேன். 'கோவில்' எல்லாவற்றையும் ஒரே தட்டில் 'கோயில்' ஆக்கினேன். நாகர்கோவிலும் சங்கரன்கோவிலும் சேர்ந்து மாறிவிட்டன. இப்போது இரண்டு தாளிலும் 'மாற்றக் கூடாதவை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. மாற்றும் முன் அதைப் படிப்பேன்.

பெரிய எழுத்துக் கட்டம் தமிழுக்குத் தேவையே இல்லை என்று நினைத்தேன். ஆங்கிலத்தில் 'பிரசிடென்ட்' பெயரோடு சேர்ந்தால் பெரிய எழுத்து, தனியே வந்தால் சிகாகோ கையேட்டின்படி சிறிய எழுத்து. மரியாதைக்காகப் பெரிதாக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் சண்டை பிடிப்பது இந்த ஒன்றுக்குத்தான். அந்த மரியாதை தமிழில் விகுதியில் வந்து உட்கார்ந்திருப்பதை 90-ஆம் பக்கத்தில் கண்டேன். நாடகக் கம்பெனியில் எடுபிடியாகச் சேரும் பையன் 'அவன்'. ராஜபார்ட் ஆன பிறகு 'அவர்'. நடுவே முப்பது பக்கங்களில் இரண்டும் கலந்து கிடந்தன, ஒரே பத்தியில் 'வந்தான்' என்றும் 'பாடினார்' என்றும்.

எந்த வரியிலிருந்து 'அவர்' என்று ஆசிரியரிடம் கேட்டேன். "முதல் சம்பளம் வாங்கின அன்னைக்கு வச்சுக்குங்க சார்" என்றார். 117-ஆம் பக்கம், இரண்டாம் பத்தி என்று குறித்துக்கொண்டேன். கீழே அவர் கேட்டபடி ஒரு விலக்கும் சேர்த்தேன்: அம்மா பேசும் இடங்களில் கடைசிவரை 'அவன்'.