மெட்ராஸ் டெரஸ் ஏன் ஒழுகுகிறது?

காட்டாக்கடைப் பக்கத்துப் பழைய வீடுகளுக்குச் சாய்ந்த ஓட்டுக்கூரைதான். இரண்டு பருவமழையும் கொட்டும் ஊரில் தண்ணீரை நிற்கவிடாமல் இறக்கிவிடுவதே புத்திசாலித்தனம். சென்னையிலோ பெருமழை பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான்; மற்ற மாதங்களில் வெயில் தளத்தை உலர்த்திவிடும். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி வீடுகளின் மட்டமான "மெட்ராஸ் டெரஸ்" அந்த வெயிலை நம்பி ஏற்பட்டது.

சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டைகளைச் சுமார் ஒன்றரை அடி இடைவெளியில் போடுவார்கள். அவற்றின்மேல் ஒரு அங்குல கனமுள்ள சிறு செங்கற்களை ஓரம் நிறுத்தி, மூலைவாட்டில், சுண்ணாம்புக் கலவையால் ஒட்டிக்கொண்டே போவார்கள். அடியில் பலகை அடைப்பது கிடையாது. ஒவ்வொரு கல்லும் முந்தைய கல்லைப் பற்றிக்கொண்டு நிற்கும். அதன்மேல் மூன்று அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். சித்தாள்கள் வரிசையாக உட்கார்ந்து, வெல்லமும் கடுக்காயும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, மரக்கட்டையால் நாட்கணக்கில் தட்டுவார்கள். கட்டை எகிறித் திரும்பினால்தான் தளம் இறுகியதாக அர்த்தம். கடைசியில் தட்டோடு பதித்து, தண்ணீர் ஓட வாட்டம் கொடுப்பார்கள்.

சுண்ணாம்பு தண்ணீரை அடியோடு தடுப்பதில்லை. கொஞ்சம் உறிஞ்சி, வெயிலில் திருப்பிக் கொடுத்துவிடும். மரம் சிறிது அசைந்தாலும் பொறுத்துக்கொள்ளும். சிமெண்டுக்கு அந்தப் பொறுமை இல்லை. தொல்லை அதில்தான் ஆரம்பிக்கிறது.

திருவல்லிக்கேணியில் உறவினர் ஒருவரின் வீட்டைப் பார்த்தேன். பன்னிரண்டடிக்குப் பத்தடி அறை. ஒழுகும்போதெல்லாம் மேலே சிமெண்ட் பூசியதில் இரண்டு அங்குலம் ஏறியிருந்தது. சதுர அடிக்கு ஒரு அங்குல சிமெண்ட் பூச்சு சுமார் ஐந்து கிலோ. 120 சதுர அடிக்கு இரண்டு அங்குலம் என்றால் 1,200 கிலோ! கட்டைகள் நடுவில் தொய்ந்தன, தொய்ந்த பள்ளத்தில் தண்ணீர் நின்றது, சிமெண்ட் வெடித்தது. வெடிப்பில் இறங்கிய நீரைச் சிமெண்ட் மேலே உலரவிடாததால், அது சுவருக்குள் புதைந்த கட்டை நுனிக்குப் போயிற்று. அங்கே பேனாக்கத்தியை வைத்தால் ஊறிய ரஸ்க் மாதிரி உள்ளே இறங்கியது. ஒழுகலுக்கு மருந்தென்று பூசியதே ஒழுகலை வளர்த்திருக்கிறது.

ஆங்கிலேயர் காலத்தில் வந்த இரும்பு உத்திரங்களுக்கு உளுப்பு இல்லை, துரு உண்டு. புதுச் சுண்ணாம்பின் காரத்தன்மை இரும்பைக் காக்கும். காற்றிலுள்ள கரியமிலவாயுவோடு சேர்ந்து அது கால்சியம் கார்பனேட்டாக மாறியபின் அந்தக் காவல் போய்விடுகிறது. துரு, தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். செங்கல்லை நெம்பித் தள்ளும். ஆகவே உத்திரத்தை ஒட்டியே நேர்கோடாக வெடிப்பு ஓடினால் துருவைச் சந்தேகிக்கலாம். சுவரோரம் மட்டும் கறை என்றால், முதலில் கைப்பிடிச்சுவர் சந்தையும் தண்ணீர் போகும் குழாயையும் பார்க்க வேண்டும். சருகு அடைத்த குழாய் ஒன்றே போதும்.

ஆற்காடு நவாபின் சேப்பாக்கம் ஹுமாயூன் மஹாலைப் பொதுப்பணித்துறை புதுப்பித்தபோது மெட்ராஸ் டெரஸையே மறுபடி போட்டார்கள். உறவினர் வீட்டிலும் அதைத்தான் செய்தோம். முட்டுக் கொடுத்து, சிமெண்டைச் செதுக்கி எடுத்து, உளுத்த நான்கு கட்டைகளை மாற்றி, சுண்ணாம்பையே தட்டினோம். தட்டத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிக்கத்தான் இரண்டு மாதம் ஆயிற்று.