ஊட்டுவட இழப்பு

ஊட்டுவட இழப்பு என்பது செல்பேசிக் கோபுரத்தின் அடியிலுள்ள நிலையக் கருவிக்கும் உச்சியிலுள்ள ஆன்டெனாவுக்கும் இடையே, ஃபீடர் எனப்படும் ஓரச்சு வடத்தில் வானலைத் திறன் வெப்பமாக வீணாவதைக் குறிக்கும். இதனை ஈடுசெய்யக் கோபுர உச்சிப் பெருக்கி, ரிமோட் ரேடியோ ஹெட் ஆகிய இரு கருவிகள் பயன்படுகின்றன. முன்னது இழப்பின் ஒரு பாதியை மட்டுமே தீர்க்கிறது. பின்னது வடத்தையே ஏறக்குறைய நீக்கிவிடுகிறது.

== இழப்பின் அளவு ==
7/8 அங்குல வடம் 2100 மெகாஹெர்ட்சு அலைவரிசையில் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 6 டெசிபெல் இழக்கும். எனவே 50 மீட்டர் வடத்தில் இழப்பு 3 டெசிபெல், அதாவது பாதித் திறன் ஆகும். கீழே 40 வாட் செலுத்தினால் ஆன்டெனாவை 20 வாட்டே அடையும்.

ஏறு இணைப்பில், அதாவது செல்பேசியிலிருந்து நிலையத்துக்கு வரும் திசையில், பாதிப்பு வேறு வகையானது. வடம் குறிப்பலையை நலிவடையச் செய்கிறது. ஆனால் வெப்ப இரைச்சல் குறைவதில்லை. கீழே பெருக்கினால் இரண்டும் சேர்ந்தே பெருகும். ஆகவே வாங்கியின் இரைச்சல் எண் 3 டெசிபெல் எனில், வடத்துடன் சேர்த்து அது 6 டெசிபெல் ஆகிறது.

== கோபுர உச்சிப் பெருக்கி ==
இது ஆன்டெனாவுக்கு அருகில் பொருத்தப்படும் குறை இரைச்சல் பெருக்கி ஆகும். குறிப்பலை வடத்தில் நலிவடையும் முன்பே இது பெருக்கிவிடுகிறது. பெருக்கம் 12 டெசிபெல், இரைச்சல் எண் 1.5 டெசிபெல் எனக் கொண்டால், விகித அளவில்:

F = F1 + (F2 − 1)/G1 = 1.41 + (3.98 − 1)/15.85 = 1.60

இது ஏறத்தாழ 2 டெசிபெல். ஆக 4 டெசிபெல் முன்னேற்றம் கிடைக்கிறது; இது வட இழப்பைவிடவும் கூடுதல். ஆனால் இறங்கு இணைப்புக்கு இது உதவுவதில்லை. வெளிச்செல்லும் அலை பெருக்கியின் வடிகட்டிகளைக் கடக்கையில் மேலும் ஏறத்தாழ 0.5 டெசிபெல் இழப்பதால், 20 வாட் சுமார் 18 வாட்டாகக் குறையும். பிற செல்பேசிகளின் குறுக்கீடே மிகுந்துள்ள இடத்திலும் பயன் சிறிதே.

பெருக்கியைப் பொருத்திவிட்டு, அதன் பெருக்கத்தையும் வட இழப்பையும் நிலைய அமைப்பில் பதியாவிடில், அளவீடு 12 − 3 = 9 டெசிபெல் உயர்வாகக் காட்டும். அழைப்புகளே இல்லாத நள்ளிரவிலும் இரைச்சல் மட்டம் இவ்வாறு உயர்ந்தே நின்றால் இப்பிழையை ஐயுறலாம்.

== ரிமோட் ரேடியோ ஹெட் ==
இதில் திறன் பெருக்கியும் வாங்கியும் உச்சிக்கே செல்கின்றன. கீழிருந்து ஒளியிழை வழியே எண்ணியல் தரவு மட்டும் ஏறுகிறது. இதற்கான சிப்ரி எனும் இடைமுகத் தரம் 2003ஆம் ஆண்டில் வெளியானது. ஆன்டெனாவுடன் இணைக்கும் சிறு வடத்தில் இழப்பு 0.5 டெசிபெல் எனக் கொண்டால், 40 வாட்டில் சுமார் 36 வாட் ஆன்டெனாவை அடையும். இரு திசைகளும் சீராவதால் தனி உச்சிப் பெருக்கி பொதுவாகத் தேவைப்படுவதில்லை.

எனினும் 48 வோல்ட்டு நேர்மின்சாரத்தை உச்சிவரை கொண்டுசெல்ல வேண்டும். மின்கம்பி மெலிதாயின் மின்னழுத்தம் குறைந்து, உச்சப் பயன்பாட்டு நேரத்தில் கருவி அணைந்து மீளும். பழுது நீக்கவும் கோபுரம் ஏற வேண்டியுள்ளது.