சிறுநீரகத் தமனிக் குறுக்கம்

சிறுநீரகத் தமனிக் குறுக்கம் என்பது சிறுநீரகத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனி சுருங்கி, மருந்துக்கு எளிதில் அடங்காத உயர் இரத்த அழுத்தத்தையும் சிறுநீரகச் செயல் வீழ்ச்சியையும் உண்டாக்கும் நிலை. முதியோரிடம் பெரும்பாலும் தமனிச் சுவரில் கொழுப்புப் படிவதால் வருகிறது. இந்தியாவில் இளவயதினரிடம் டகயாசு தமனியழற்சி முக்கியக் காரணம்.

இரத்தவரத்து குறைந்த சிறுநீரகம் ரெனினைச் சுரக்கிறது. அதன்வழி உருவாகும் ஆஞ்சியோடென்சின் 2 இரத்தக் குழாய்களைச் சுருக்கி, உப்பைத் தேக்கி, அழுத்தத்தை உயர்த்துகிறது. தமனியைக் கவ்வியால் இறுக்கினால் அழுத்தம் ஏறுவதை ஹாரி கோல்ட்பிளாட் 1934இல் நாய்களிடம் காட்டினார்.

அதே ஆஞ்சியோடென்சின், வடிமுடிச்சிலிருந்து வெளியேறும் நுண்தமனியை இறுக்கி வடிகட்டும் விசையைக் காக்கவும் செய்கிறது. இரு தமனிகளும் குறுகியவருக்கு, அல்லது ஒற்றைச் சிறுநீரகத்தின் தமனி குறுகியவருக்கு, ஆஞ்சியோடென்சின் 2 உருவாவதைத் தடுக்கும் எனலாப்ரில் போன்ற மருந்து இந்தக் காப்பை நீக்கிவிடும். மருந்து தொடங்கும்போது 1.2 மி.கி. இருந்த கிரியேட்டினின் இரண்டு வாரத்தில் 2.1 ஆவது இதற்கு எடுத்துக்காட்டு. 30 விழுக்காட்டுக்கு மேற்பட்ட இத்தகைய ஏற்றம் குறுக்கத்தைச் சந்தேகிக்க வைக்கிறது. நீரிழப்பும் இதே தோற்றத்தைத் தரலாம் என்பதால் அதை முதலில் விலக்க வேண்டும். மருந்தை நிறுத்தினால் செயல்பாடு பெரும்பாலும் மீளும். உறுதிப்படுத்த டாப்ளர் ஸ்கேன் அல்லது சி.டி. ஆஞ்சியோகிராம் எடுக்கப்படுகிறது.

கொழுப்புப் படிவுக் குறுக்கத்தில், மருந்துடன் ஸ்டென்ட் சேர்ப்பதால் கூடுதல் பயன் இல்லை என 2014இல் வெளியான கோரல் ஆய்வு கண்டது. திடீர் நுரையீரல் நீர்க்கோப்பு திரும்பத் திரும்ப வருவோருக்கு ஸ்டென்ட் இன்றும் பரிசீலிக்கப்படுகிறது.